இடது முழங்கையின் மூன்று எண்கள்

அந்தக் கோப்பை நான் முதலில் திறந்து பார்த்தது நோட்பேடில். முப்பரிமாண மென்பொருளில் திறக்க வேண்டியதை நோட்பேடில் திறப்பது அந்த வயதில் எனக்கு ஒரு கெத்து. மேலே எலும்புக்கூட்டின் வரைவு, வெறும் எழுத்தில். இடுப்பு, அதற்குள் ஓர் அடைப்புக்குறி, அதற்குள் முதுகு, அதற்குள் தோள், பிறகு முழங்கை, மணிக்கட்டு. ஒவ்வொன்றும் தன் தாய் மூட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று மூன்று எண்கள், எந்தெந்த அச்சில் திரும்பும் என்று ஒரு வரி. கீழே அசைவு. ஒரு நொடிக்கு நூற்றிருபது வரி, ஒவ்வொரு வரியிலும் தசம எண்கள் வரிசையாக. அவ்வளவுதான். ஒரு மனிதன் ஓடிவந்து பந்து வீசிவிட்டுப் போனது முழுக்க அந்த எண்களில் இருந்தது.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் நடந்தது இது. முத்தியால்பேட்டையில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, ஐந்து பேர். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் கிரிக்கெட் விளையாட்டு செய்துகொண்டிருந்தோம். விளையாட்டில் வரும் உருவத்துக்குள் ஓர் எலும்புக்கூடு இருக்கும். அதை ரிக் என்போம். ரிக்கும் தோலும் அங்கிருந்து வந்துவிட்டன. அசைவு மட்டும் எங்கள் பொறுப்பு. பொறியியல் முடித்து ஏழு மாதமாகியிருந்த எனக்கு, கோப்பில் உள்ள அசைவை ரிக்குக்கு மாற்றும் வேலை.

அசைவின் சொந்தக்காரரை எங்கள் முதலாளி பிடித்து வந்திருந்தார். முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் லீகில் விக்கெட் கீப்பர். அதே அணியின் இடக்கை சுழற்பந்து வீச்சாளர்தான் அந்த அண்ணன். கோரிமேட்டுப் பக்கம் ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டரில் மெக்கானிக். அப்பா மில்லில் இருந்தவர், மில் மூடியதும் கட்டட வேலைக்குப் போனவர். அண்ணனுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். சென்னையில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய், உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையில் சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்து அந்த உருண்டைகளின் அசைவைப் பதிவு செய்தபடி, ஒரு நாள் முழுக்க வீசச் சொல்லியிருந்தார்கள். திரும்பி வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ஜட்டியோட நிக்கிற மாதிரி இருந்துச்சுபா. பந்து ஒண்ணுதான் ஒழுங்கா இருந்துச்சு."

அவருக்கு அப்போது ஒரு பிரச்சனை. போன சீசன் கடைசி ஆட்டத்தில் ஓர் அம்பயர், இவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மடங்கிய முழங்கை பந்தை விடும் நேரத்தில் நேரானால் அது எறிதல். லீக் கமிட்டி, கையைப் பார்த்து முடிவு சொல்லும்வரை இவர் பந்து வீசக்கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தது. பேட்டிங்கில் பதினோராவது ஆளாக இறங்குபவரிடமிருந்து பந்தை வாங்கிவிட்டால் அணியில் அவருக்கு வேறு வேலையில்லை. புது சீசனுக்கான பெயர்ப் பதிவு அந்த மாதக் கடைசியில் முடிகிறது.

முதலாளிதான் யோசனை சொன்னார். "கம்ப்யூட்டர்லயே இருக்குல்ல அவன் கை? கமிட்டி மாஸ்டர கூப்ட்டு காட்டிடுவோம். எந்தப் பக்கத்துலேருந்து வேணும்னாலும் திருப்பிப் பாக்கலாம். அம்பயருக்கு ஒரு கண்ணுதான, நமக்கு நூத்தியிருபது."

கமிட்டி மாஸ்டர் என்பவர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். லீகின் அம்பயர்கள் எல்லாம் அவர் சொல்வதற்குக் கட்டுப்பட்டவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டார். எனக்கு நான்கு நாள் இருந்தது. நான்கு நாள் அதிகம் என்று நினைத்தேன்.

முதல் முறை ஏற்றியபோது வீச்சாளர் தரையில் மல்லாக்கப் படுத்தபடி ஓடினார். இதில் ஆச்சரியமில்லை. கோப்பை எழுதியவர்களுக்கு ஒய் அச்சு மேல்நோக்கியது. எங்கள் ரிக்கில் இசட் மேல்நோக்கியது. அவர்களுடைய ஒய் எங்களுக்கு இசட், அவர்களுடைய இசட் எங்களுக்குக் கழித்தல் ஒய், எக்ஸ் அப்படியே. கழித்தலை விட்டுவிட்டால் உருவம் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஆகிவிடும், இடது வலதாகும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டினேன். ஆள் எழுந்து நின்றார்.

நின்றார், ஆனால் தொடைவரை தரைக்குள் இருந்தார். எங்கள் ரிக் சென்டிமீட்டரில். கோப்பு எந்த அளவில் என்று கோப்பு சொல்லாது. அதில் அதற்கு இடமே கிடையாது. நிற்கும்போது இடுப்பின் உயரம் முப்பத்தெட்டு என்று இருந்தது. முப்பத்தெட்டு என்ன? குத்துமதிப்பாக இரண்டரையால் பெருக்கினேன். கிட்டத்தட்டச் சரியாக வந்தது, கால் மட்டும் லேசாக மண்ணில் புதைந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது: அங்குலம். இரண்டு புள்ளி ஐந்து நான்கு. இடுப்பு நகரும் தூரத்தை மட்டும் பெருக்க வேண்டும். கோணங்களைத் தொடக்கூடாது, கோணத்துக்கு அங்குலமும் கிடையாது சென்டிமீட்டரும் கிடையாது. அண்ணனைவிட ரிக் கொஞ்சம் கால் நீளமானது என்பதால் அந்த விகிதத்தையும் சேர்த்துப் பெருக்கினேன். பாதம் தரையில் வந்து உட்கார்ந்தது.

எங்கள் சீனியர் அனிமேட்டர் அக்கா பின்னால் நின்று பார்த்தார். அவர் பாடப்புத்தகப் படங்கள் வரைந்துகொண்டிருந்து அனிமேஷனுக்கு வந்தவர். எண்கள் பிடிக்காது, கண் பயங்கரம்.

"கால் சரியா இருக்கு. தோள்பட்டை ஏன் இப்டி பிச்சிக்கினு போவுது?"

"வரிசைக்கா. ஒரே மூட்டு மூணு அச்சுல திரும்பும். எது முதல்ல, எது அடுத்துன்னு அவங்க ஒரு வரிசை வச்சிருக்காங்க. ரிக்குல வேற வரிசை."

"எதை முதல்ல திருப்பினா இன்னா, எல்லாம் திரும்பத்தான போவுது?"

தீப்பெட்டியை எடுத்துக் காட்டினேன். மேசையில் கிடத்தி, முதலில் நிமிர்த்திவிட்டுப் பிறகு பக்கவாட்டில் சாய்த்தால் ஒரு மாதிரி நிற்கிறது. முதலில் சாய்த்துவிட்டுப் பிறகு நிமிர்த்தினால் வேறு மாதிரி நிற்கிறது. அக்கா தீப்பெட்டியை வாங்கி இரண்டு முறை தானே செய்து பார்த்தார். "சரிதான்" என்று தன் இடத்துக்குப் போய்விட்டார்.

தோள், முதுகு, இடுப்பு, கழுத்து, மணிக்கட்டு எல்லாவற்றுக்கும் ரிக்கில் வரிசையை மாற்றினேன். ஒவ்வொன்றாகக் கையால் மாற்ற வேண்டிய ரிக் அது. முழங்கை, முழங்கால் நான்கையும் விட்டுவிட்டேன். முழங்கை கதவுக் கீல் மாதிரி, ஒரே பக்கம்தான் மடங்கும். ஒரே அச்சில் திரும்புவதற்கு வரிசை எதற்கு? நேரம் மிச்சம் என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். நடப்பது, ஓடுவது, ஃபீல்டிங் செய்து எறிவது என்று மற்ற கோப்புகளையும் ஏற்றிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. கடைசியாகத்தான் அண்ணனின் பந்து வீச்சு. முன்பக்கத்திலிருந்து ஒருமுறை ஓட்டிவிட்டு மூடினேன்.

சனிக்கிழமை மாஸ்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, சைக்கிள் கிளிப் போட்ட பேன்ட். அண்ணன் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், நகக்கண்ணில் ஆயில். முதலாளி டீ சொன்னார். நான் ஓட்டினேன்.

விளையாட்டின் நீல உடையில் உருவம் ஓடிவந்தது. பத்தடி ஓட்டம், கடைசி அடியில் ஒரு சின்னத் துள்ளல், அண்ணனேதான். கை தோளுக்கு மேல் போனது.

"நிறுத்து" என்றார் மாஸ்டர். "பின்னால போ. இன்னும் மெதுவா. இந்தப் பக்கம் திருப்பு, ஸ்கொயர் லெக்லேருந்து காட்டு."

திருப்பினேன். கை மேலே போகும்போது முழங்கை நன்றாக மடங்கியிருந்தது. பந்தை விடும் இடத்தில் விசுக்கென்று நேரானது. யாருக்கும் சந்தேகம் வராத அளவுக்குத் தெளிவாக இருந்தது.

மாஸ்டர் டீயைக் கீழே வைத்தார். "அந்த அம்பயர் பாவம், கண்ணாடி போட்டவரு, தப்பா பாத்திருப்பாருன்னு நெனச்சேன். கம்ப்யூட்டரே சொல்லுதேய்யா."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அண்ணன் தன் இடது முழங்கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றார், அது யாரோ கொடுத்து வைத்த பொருள் மாதிரி.

"இப்டியா போடறேன் நானு?" என்றார்.

புதன்கிழமை கமிட்டி உட்காரும், அங்கே முடிவு சொல்லிவிடுகிறேன் என்று மாஸ்டர் கிளம்பினார். அண்ணனும் அவரோடே படியிறங்கிப் போனார். கீழே அவரது பைக் மூன்றாவது உதையில்தான் எடுத்தது. மெக்கானிக்கின் பைக் அது.

முதலாளி கதவைச் சாத்திவிட்டு அக்காவிடம் சொன்னார், "அந்த முழங்கைய கொஞ்சம் நேராக்கி விட்டுடும்மா. பத்து நிமிஷ வேலதான உனக்கு? திங்கக்கெழம மாஸ்டர்கிட்ட, ஏதோ தப்பாயிடுச்சு சார், திரும்பப் பாருங்கன்னு சொல்லிக்கறேன்."

"பத்து நிமிஷம்கூட ஆவாது" என்றார் அக்கா. "ஆனா நான் நேராக்கினா அது நான் வரைஞ்ச கை சார். அவரு கை இல்ல. வெளையாட்டுக்குன்னா வரைஞ்சி தரேன். கமிட்டிக்குன்னா தரமாட்டேன்."

"நம்ம பையன்மா அவன்."

"அதான் சொல்றேன்."

முதலாளி கோபமாகப் போனார். அக்கா என் பக்கம் திரும்பினார். "அவரு போடறத நீ நேர்ல பாத்திருக்கியா?"

"இல்லக்கா."

"நான் பாத்திருக்கேன். வீட்டாண்ட கிரவுண்டுதான். அந்தக் கை அப்டி மடங்காது. உன் கணக்க பாரு."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. என் கணக்கு தப்பு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை, நான் சொல்லவிட்டதும் இல்லை. ஆனால் பார்த்தேன். கோப்பை ரிக் எதிலும் மாட்டாமல், வெறும் குச்சி மனிதனாகக் காட்டும் சின்ன மென்பொருள் ஒன்று இருந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம். அதில் ஓட்டினேன். குச்சி மனிதன் ஓடிவந்து துள்ளி, கையைச் சுழற்றினான். குச்சியின் கை கிட்டத்தட்ட நேர்க்கோடு.

ஆக, கோப்பு சரி. கெடுத்தது இடையில் நான்.

பந்தை விடுவதற்குச் சற்று முந்தைய வரியை நோட்பேடில் தேடிப்போய், இடது முழங்கைக்கு உரிய மூன்று எண்களை எண்ணி எடுத்தேன். இசட்டில் கழித்தல் இருபத்திரண்டு. எக்ஸில் எண்பது. ஒய்யில் இருபத்தைந்து. ஒரு கீலுக்கு மூன்று எண்கள். மற்ற கோப்புகளின் முழங்கையில் இரண்டு எண்கள் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தன, அதனால்தான் என் சோம்பேறித்தனம் அவற்றில் தெரியவில்லை. ஸ்டூடியோவின் மென்பொருள் உருண்டைகளை வைத்து எலும்பைக் கணக்கிடும்போது முழங்கைக்கும் மூன்று அச்சு கொடுத்திருந்தது. கொடுக்கத்தான் வேண்டும். முன்கை தன் நீளத்தையே அச்சாக வைத்து முறுக்கிக்கொள்ளக்கூடியது. சாவி திருப்புவது அப்படித்தான், சுழற்பந்து வீச்சாளர் வீசுவதும் அப்படித்தான். அந்த எண்பது முறுக்கல். மற்ற இரண்டும் மடிப்பு.

ஒரு பக்கம் மடித்து, எண்பது டிகிரி முறுக்கி, மறுபடி மடித்தால், இரண்டாவது மடிப்பு முதல் மடிப்புக்கு எதிராக வந்து அதைத் தின்றுவிடுகிறது. மிச்சம் ஐந்து டிகிரி. நான் விட்டுவைத்த வரிசையிலோ முறுக்கல் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, இரண்டு மடிப்புகளும் அடுத்தடுத்து வந்தன. ஒன்றையொன்று தின்ன முடியாமல் இரண்டும் சேர்ந்து முப்பத்துமூன்று டிகிரி. அதே மூன்று எண்கள். ஒரு டிகிரிகூட நான் மாற்றவில்லை. கால்குலேட்டரில் மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் ஐந்தும் முப்பத்துமூன்றும்தான் வந்தன.

முழங்கை, முழங்கால் நான்குக்கும் வரிசையை மாற்றி மறுபடி ஏற்றினேன். நீல உடை உருவம் ஓடிவந்து, துள்ளி, நேரான கையால் வீசியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனை வரச்சொல்லிக் காட்டினேன். அதற்குள் வீச்சின் எல்லா வரிகளுக்கும் முழங்கைக் கோணத்தைக் கணக்கிட்டு ஒரு தாளில் எடுத்திருந்தேன். கை தோள் மட்டத்துக்கு வரும்போது பதினான்கு, விடும்போது ஐந்து.

"அப்ப நான் எறியல."

"ஒம்பது டிகிரி நேராவுதுண்ணா."

"அப்ப எறியறேனா?"

"பெரிய ஆட்டத்துலயே பதினஞ்சு டிகிரி வரைக்கும் உட்றாங்க. எல்லார் கையும் கொஞ்சம் நேராகத்தான் செய்யும்."

அவர் தாளை வாங்கி எண்களை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "மாஸ்டர் பாக்க வர்றாருன்னதுலேருந்து தூக்கமில்ல தெரியுமா? நேத்து ராத்திரி கண்ணாடி முன்னால நின்னு கைய சுத்திப் பாக்கறேன், பொண்டாட்டி சிரிக்கிறா." பிறகு, "உன் தப்புன்னு மாஸ்டர்கிட்ட நீயே வந்து சொல்லுவியா?" என்றார்.

சொல்வதாகச் சொன்னேன். சுலபமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

புதன்கிழமை கமிட்டி ஒரு பள்ளிக்கூட அறையில் கூடியது. மாஸ்டரோடு வேறு இருவர். மேசைக் கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தோம். புதிய அசைவை ஓட்டினேன். மாஸ்டர் முகத்தில் ஒன்றுமில்லை.

"சனிக்கெழம ஒரு கைய காட்ன. இன்னிக்கு வேற கைய காட்ற. எத நம்பறது? நாளைக்கு வேற ஒண்ணு கொண்டாருவியா?"

"அன்னிக்கு நான் தப்பு பண்ணிட்டேன் சார். முழங்கைக்கு வரிசைய மாத்தல."

"இன்னிக்கு தப்பு பண்ணலன்னு எப்டி தெரியும்?"

நல்ல கேள்வி. தீப்பெட்டி எடுத்து வரவில்லை. கரும்பலகைக்கு அருகே மரத்தாலான மூலைமட்டம் ஒன்று தொங்கியது. அதை எடுத்து முதலில் ஒரு வரிசையில் திருப்பினேன், பிறகு இன்னொரு வரிசையில். மாஸ்டர் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இது எனக்குத் தெரியும்" என்று மூன்று எண்களையும் கேட்டார். சாக்பீஸ் எடுத்து சைன், கொசைன் எல்லாம் எழுதினார். மற்ற இருவரும் மணி பார்த்தார்கள். ஓர் இடத்தில் குறியைத் தவறவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே தானே கண்டுபிடித்து அழித்தார். இரண்டு விடைகளுக்கும் வந்தார், என்னுடைய அதே விடைகள். கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டினார்.

"கணக்கு சரி" என்றார். "ஆனா இந்த நம்பர் அவன் கைதானான்னு எனக்குத் தெரியாது. மெட்ராஸ்ல யாரோ உருண்டை ஒட்டினான், யாரோ எழுதினான். கணக்கு சரியா இருந்தா கை சரியா இருக்கணும்னு இல்ல. படத்த வச்சு நான் விடவும் முடியாது, நிறுத்தவும் முடியாது."

முதலாளி ஏதோ சொல்ல எழுந்தார். மாஸ்டர் கையமர்த்தினார். "ரெண்டு ஆட்டம் போடட்டும். ஸ்கொயர் லெக்ல நானே நிக்கறேன். ஒரு பந்து எறிஞ்சாலும் நோ பால் சொல்லுவேன், அதோட சரி. பேர எழுதிக்குங்க."

பெயர் எழுதப்பட்டது.

ஆட்டோவில் திரும்பினோம். நான் மடியில் மானிட்டரைப் பிடித்துக்கொண்டு, மாஸ்டர் சொன்னதற்கு மறுப்பு தேடிக்கொண்டு வந்தேன். அலுவலகம் வரும்வரை கிடைக்கவில்லை.

முதல் ஆட்டத்துக்கு நானும் போனேன். எல்லைக்கோட்டருகே அக்கா குடையோடு நின்றிருந்தார். எட்டாவது ஓவர் அண்ணனுக்கு. தொப்பியைக் கழற்றி பந்து வீசும் முனையில் நின்ற அம்பயரிடம் கொடுத்தார். ஸ்கொயர் லெக்கில் மாஸ்டர் சைக்கிள் கிளிப்போடு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து நின்றார். முதல் பந்து குட்டையாக விழுந்து நான்கு ரன். அண்ணன் பேட்ஸ்மேனைப் பார்க்காமல் மாஸ்டரைப் பார்த்தார். இரண்டாவது பந்தின்போதும் பார்த்தார், அது ஃபுல் டாஸாகி மறுபடி நான்கு.

"டேய், ஸ்டம்ப பாருடா, வாத்தியார பாக்காத!" என்று ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து முதலாளி கத்தினார்.

மூன்றாவது பந்து தரையில் பட்டுத் திரும்பி மட்டையைத் தாண்டிக் கையுறைக்குப் போனது. நான்காவதும் அப்படியே. ஐந்தாவதை பேட்ஸ்மேன் தடுத்தார். ஆறாவதில் ஒரு ரன். மாஸ்டரின் கை நோ பால் காட்ட ஒருமுறையும் நீளவில்லை, முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. ஓவர் என்று குரல் வந்தது, அம்பயர் தொப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.